கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே போகும் மதிப்பெண்கள்

பிரிட்டனில் கார் ஓட்டக் கற்கிறவர்களின் தியரி டெஸ்ட் முடிவுத் தாளில் இப்படி ஒரு ஜோடி எண் வருவதுண்டு: சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முதல் பகுதியில் 50க்கு 48, சாலை வீடியோவில் ஆபத்தைக் கண்டதும் மவுஸை அழுத்தும் இரண்டாம் பகுதியில் 75க்கு 41. முதல் பகுதியில் தேற 43 போதும். இரண்டாவதில் 44 வேண்டும். இரண்டிலும் ஒரே நாளில் தேறினால்தான் தேர்ச்சி என்பதால், அந்த 48 பயனில்லாமல் போகிறது. மறுபடி 23 பவுண்டு கட்டி, இரண்டு பகுதியையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இப்படி வந்தவரிடம் வீட்டிலும் வெளியிலும் சொல்லப்படுவது ஒன்றுதான்: "ரோட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்." ஊரில் இருபது வருடம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரிடமும் இதையே சொல்கிறார்கள்.

இந்த அறிவுரை பலருக்குப் பொருந்தும். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகக் கணினி முன்னால் உட்கார்ந்து பரீட்சை எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். அவர்களின் கண் சரியான நேரத்தில்தான் பார்க்கிறது. கண் பார்த்ததற்கும் விரல் அழுத்தியதற்கும் நடுவே இரண்டு வினாடி கழிந்துவிடுகிறது. மதிப்பெண்கள் அந்த இடைவெளியில்தான் போகின்றன. நோயைத் தவறாகக் கணித்ததால் மருந்தும் தவறாகிறது. இன்னும் நூறு வீடியோ பார்த்துப் பழகுகிறார்கள், கை மட்டும் பழகாமலே திரும்பிப் போகிறது.

இந்தப் பரீட்சை தொடக்கத்திலிருந்தே கணினியில் நடந்ததல்ல. 1996 ஜூலையில் தொடங்கியபோது அது தாளில் எழுதும் பரீட்சை. 2000 ஜனவரியில் கணினிக்கு மாறியது. ஆபத்தை முன்கூட்டியே கவனிக்கும் வீடியோப் பகுதி 2002 நவம்பரில் சேர்ந்தது. கேள்விகளைத் தமிழில் காதால் கேட்கும் வசதியும் ஒரு காலத்தில் இருந்தது; 2014 ஏப்ரலில் மற்ற வெளிநாட்டு மொழிகளோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலத்திலும் வெல்ஷிலும் மட்டும்தான் ஒலி உண்டு, அதையும் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டும். ஆகவே ஆங்கிலத்தில் வாசிக்கவும் வேண்டும், பழக்கமில்லாத கருவியைக் கையாளவும் வேண்டும் என்று இரட்டைச் சுமையோடு உட்காருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். மொழிக்கு மாதக்கணக்கில் தயாராகிறார்கள். கருவிக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

கைபேசி பழகிய கை, மவுஸ் பழகாத கை

"எனக்குத்தான் போன் நன்றாக வருமே, வாட்ஸ்அப், வீடியோ கால் எல்லாம் செய்கிறேனே" என்பார்கள். உண்மைதான். ஆனால் கைபேசியில் விரல் எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடத்தில்தான் வேலை நடக்கிறது. கண்ணும் விரலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மவுஸில் கை மேசைமேல், கண் திரையில், வேலை நடப்பது இரண்டுக்கும் அப்பால் ஓர் அம்பின் நுனியில். கையைப் பார்க்காமல் கையை நகர்த்தும் இந்தப் பழக்கத்தைக் கைபேசி ஒருநாளும் தந்திருக்காது. ஆகவே இது தனியாகப் படிக்க வேண்டிய பாடம்.

முதலில் பிடி. உள்ளங்கை மவுஸின்மேல் லேசாகக் கவிந்திருக்க வேண்டும். கட்டைவிரல் ஒரு பக்கம், மோதிரவிரலும் சுண்டுவிரலும் மறுபக்கம், ஆட்காட்டி விரல் இடது பொத்தான்மேல், நடுவிரல் வலது பொத்தான்மேல். மணிக்கட்டு மேசையைத் தொட்டபடி இருக்கட்டும். புதிதாகப் பிடிக்கிறவர்கள் மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு, முழங்கையிலிருந்து மொத்தக் கையையும் நகர்த்துவார்கள். அப்போது அம்பு திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பாயும். இன்னொன்று, மவுஸைச் சற்றே திருப்பிப் பிடிப்பது. அதன் தலைப்பக்கம் நேராகத் திரையை நோக்கி இல்லாமல் இடப்பக்கம் சாய்ந்திருந்தால், கையை மேலே தள்ளும்போது அம்பு கோணலாகப் போகும். கற்கிறவர் தன் கைதான் நடுங்குகிறது என்று நினைப்பார். மவுஸைத் திருப்பி நேராக வைத்தாலே சரியாகிவிடும்.

அடுத்தது மேசையின் விளிம்பு. அம்பை இன்னும் வலப்பக்கம் கொண்டுபோக வேண்டும், ஆனால் மவுஸ் மேசையின் ஓரத்துக்கு வந்துவிட்டது. பழகியவர் யோசிக்காமலே மவுஸைத் தூக்கி நடுவில் வைத்து மறுபடி நகர்த்துவார். தூக்கியிருக்கும்போது அம்பு அசையாது என்பதை யாராவது ஒருமுறை செய்து காட்டினால்தான் தெரியும். அது தெரியாதவர்கள் உடம்பையே வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாவது, அழுத்தும்போது நகராமல் இருப்பது. புதியவர்கள் பொத்தானை முழு விரலாலும் குத்துவது போல் அழுத்துவார்கள். அந்த விசையில் மவுஸ் ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்து, அம்பு பக்கத்து விடைக்குப் போய்விடும். விரல் பொத்தானிலிருந்து எழும்பவே கூடாது. அங்கேயே ஓய்வாகக் கிடந்து, நுனியை மட்டும் அழுத்திவிட்டு விட வேண்டும். சத்தம் ஒருமுறை 'டிக்' என்று கேட்டால் போதும்.

இந்த மூன்றையும் பழக விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். ஒரு வயர் வைத்த மவுஸ், ஏதாவது ஒரு கணினி. லாப்டாப்பின் தடவும் பலகையில் பழகியது இங்கே உதவாது என்பதால் மவுஸைத் தனியாகச் செருகுங்கள். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்குப் பொது நூலகங்களில் கணினிகள் இருக்கின்றன. விண்டோஸில் இருக்கும் கால்குலேட்டரைத் திறந்து, விசைப்பலகையைத் தொடாமல், மவுஸால் மட்டும் 472905 என்று எண்களை அழுத்தச் சொல்லுங்கள். இது ஏமாற்ற முடியாத ஆசிரியர். அழுத்தும்போது கை நகர்ந்திருந்தால் 5க்குப் பதில் 6 வந்திருக்கும். பதற்றத்தில் இரண்டுமுறை தட்டியிருந்தால் 44 என்று வந்திருக்கும். சரியாக அழுத்தினோமா என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. ஐந்தாறு வெவ்வேறு எண்களைப் பிழையில்லாமல் அழுத்தும் நிலை வந்துவிட்டால், பரீட்சையின் முதல் பகுதிக்குத் தேவையான கை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அம்பின் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பழகுவது சிலருக்குச் சுலபமாக இருக்கும். அதைச் செய்யாமல் இருப்பது நல்லது. பரீட்சை நிலையத்தில் கணினி எந்த வேகத்தில் இருக்கிறதோ அதில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். இடது கைக்காரர்கள் மவுஸை இடப்பக்கம் மாற்றி வைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே ஆட்காட்டி விரல் விழுவது வலது பொத்தானில். விடையைத் தேர்ந்தெடுப்பது இடது பொத்தான்தான் என்பதால், அழுத்த வேண்டியது நடுவிரல்.

இடம் முக்கியமான பகுதி

முதல் பகுதியில் 50 கேள்விகளுக்கு 57 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். கேள்வியை இருமுறை வாசித்தும் நேரம் மிஞ்சும். ஆகவே இங்கே கை மெதுவாக இருந்தால் நஷ்டமில்லை. கை தவறான இடத்தில் அழுத்தினால்தான் நஷ்டம். அம்பைக் கொண்டுபோய் விடையின்மேல் நிறுத்துங்கள், கையை ஓயவிடுங்கள், பிறகு அழுத்துங்கள். அழுத்தியபின் நீங்கள் நினைத்த விடைதான் திரையில் குறியாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே அடுத்த கேள்விக்குப் போங்கள். இந்த ஒரு பார்வைக்கு அரை வினாடிதான் ஆகும். கேள்விக்கு விடை தெரிந்தும் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த அரை வினாடிப் பார்வையைத் தவிர்க்கிறவர்களுக்குத்தான்.

நிலையத்தைப் பொறுத்து இந்தப் பகுதிக்குத் தொடுதிரையும் இருக்கலாம். கைபேசி பழகியவர்களுக்கு அது ஆறுதல். ஆனால் நிறுத்தி வைத்த பெரிய திரையும் கைபேசியும் ஒன்றல்ல. விரல் நுனியின் சதைப்பகுதி பட வேண்டும். நகம் பட்டால் பல திரைகளுக்குத் தெரியவே தெரியாது. தொட்டுவிட்டு விரலை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். பல திரைகள் விரல் எடுத்த கணத்தைத்தான் கணக்கில் எடுக்கும் என்பதால், விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே காத்திருப்பவருக்கு எதுவும் நடக்காதது போலிருக்கும். அப்போது மறுபடி மறுபடி தட்டுவார். திரை சற்றுத் தாமதமாக எல்லாத் தட்டலையும் ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். ஒருமுறை தொடுங்கள், எடுங்கள், ஒரு வினாடி காத்திருங்கள். இன்னொரு கையைத் திரையின் விளிம்பில் ஊன்றிக்கொள்ளவும் வேண்டாம். அந்த விரல்களும் தொடுதலாகக் கணக்காகலாம்.

பரீட்சை தொடங்குமுன் திரை பழகுவதற்காகச் சில பயிற்சிக் கேள்விகள் தருவார்கள். இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. அதனாலேயே பலர் சட்டென்று முடித்துவிட்டு உண்மையான பரீட்சைக்கு ஓடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் முதல்முறை வருகிறவருக்கு அந்த அறையில் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுதான். அங்கே சரியான விடையைத் தேடாதீர்கள். வேண்டுமென்றே தவறான விடையைக் குறியுங்கள், பிறகு அதை மாற்றிப் பாருங்கள். எப்படி மாறுகிறது, பழைய குறி தானாகப் போகிறதா அல்லது எடுக்க வேண்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பார்ப்பதற்காக ஒரு கேள்விக்குக் கொடியிட்டு, முன்னால் போய், மறுபடி அதற்குத் திரும்பி வாருங்கள். பின்னால் குழப்பம் வரக்கூடிய எல்லாவற்றையும் இங்கே செய்து பார்த்துவிட வேண்டும். மவுஸ் சரியாக ஓடவில்லை, பொத்தான் சிக்குகிறது என்றால் கை தூக்கிச் சொல்ல வேண்டிய நேரமும் இதுவே. விடையில் உதவ மாட்டார்களே தவிர, கருவியில் கோளாறு என்றால் பார்ப்பார்கள்.

மூன்று கேள்விகள் ஒரு சிறு வீடியோவைப் பார்த்து விடையளிப்பவை. அந்த வீடியோவை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். இதில் கிளிக் செய்யும் வேகத்துக்கு வேலையே இல்லை. அதை இரண்டாம் பகுதியின் வீடியோவோடு குழப்பிக்கொண்டு, ஓடும்போதே அழுத்த வேண்டுமோ என்று பதறுகிறவர்கள் உண்டு. வேண்டாம், நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேள்வியை வாசிக்கலாம்.

மூன்று நிமிட இடைவேளையில் விதி மாறுகிறது

முதல் பகுதி முடிந்ததும் மூன்று நிமிடம் வரை இடைவேளை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பரீட்சையின் திருப்புமுனை இந்த மூன்று நிமிடம்தான். அதுவரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் கை ஒரே ஒரு பழக்கத்தைப் பழகியிருக்கிறது: அம்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் அழுத்துவது. அங்கே இடம்தான் எல்லாம், நேரம் ஒன்றுமில்லை. இப்போது வரப்போகும் ஹசார்ட் பகுதியில், அதாவது ஆபத்தைக் கவனிக்கும் வீடியோப் பகுதியில், இது தலைகீழாகிறது. நேரம்தான் எல்லாம், இடம் ஒன்றுமில்லை. அம்பு திரையில் எங்கே கிடந்தாலும் கிளிக் கிளிக்தான். ஆபத்தைச் சுட்டிக்காட்டத் தேவையில்லை, "இப்போது" என்று சொன்னால் போதும்.

இதை வாயால் சொன்னால் எல்லாருக்கும் புரியும். கைக்குப் புரிவதுதான் கஷ்டம். ஒரு மணி நேரம் குறிபார்த்து அழுத்திய கை, ஆபத்தைப் பார்த்ததும் அம்பை அதன்மேல் கொண்டுபோகப் பார்க்கும். அங்கேதான் இரண்டு வினாடி போகிறது.

ஒரு கிளிப்பை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 14 கிளிப்புகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஓட்டுபவர் வேகத்தையோ திசையையோ மாற்ற வேண்டிவரும் நிலைக்கு வளர்வதுதான் உருவாகும் ஆபத்து. அது 13இல் ஒன்று, மீதி ஒன்றில் மட்டும் இரண்டு. ஆக 15 ஆபத்து, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 மதிப்பெண். ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் ஒரு நேரச் சாளரம் திறக்கிறது. அது ஐந்து துண்டுகளாக இருக்கும். முதல் துண்டில் அழுத்தினால் 5, அடுத்ததில் 4, இப்படிக் கடைசியில் 1. சாளரம் எவ்வளவு நேரம் என்பது கிளிப்புக்குக் கிளிப் மாறும். கணக்குக்காக நம் கிளிப்பில் ஐந்து வினாடி, துண்டுக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொள்வோம்.

குடியிருப்புத் தெரு. நம் கார் இடப்பக்கமாக ஓடுகிறது. 19ஆவது வினாடியில், தூரத்தில் இடது ஓரமாக நிறுத்தியிருக்கும் வேன் கண்ணில் படுகிறது. இது இன்னும் உருவாகும் ஆபத்தல்ல, நிற்கும் வேன் மட்டுமே. 23ஆவது வினாடியில் அதன் வலது இண்டிகேட்டர் மின்னத் தொடங்குகிறது. சாளரம் திறந்துவிட்டது. அடுத்த சில வினாடிகளில் முன்சக்கரம் திரும்பி, வேன் சாலைக்குள் வருகிறது. 28ஆவது வினாடியில் நம் கார் பிரேக் போட்டே ஆக வேண்டும்.

கண் நல்ல கண். 23.4ஆவது வினாடியில் இண்டிகேட்டரைப் பார்த்துவிட்டது. கை ஏற்கெனவே மவுஸ்மேல், விரல் பொத்தான்மேல் என்றால் 23.8இல் கிளிக் விழும், 5 மதிப்பெண். இப்போது அதே கண், பழகாத கை. கை மடியில் கிடக்கிறது. பார்த்ததும் கண் திரையை விட்டு மேசைக்கு இறங்குகிறது, கை மவுஸைத் தேடிப் பிடிக்கிறது, கண் மறுபடி திரைக்கு ஏறி அம்பு எங்கே என்று தேடுகிறது, அம்பு வேனை நோக்கி நகர்கிறது, பிறகு அழுத்துகிறது. 26.2ஆவது வினாடி. நான்காம் துண்டு, 2 மதிப்பெண். ஆபத்தைப் பார்த்தது ஒரே கணத்தில்தான். மூன்று மதிப்பெண் மேசைக்கும் திரைக்கும் நடுவே போய்விட்டது.

இதை மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். எல்லா ஆபத்தையும் சரியாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் கையால் இரண்டு மதிப்பெண் மட்டும் இழக்கிறவருக்கு 15 பெருக்கல் 3, அதாவது 45. தேறுவதற்கு 44. ஒரு மதிப்பெண்தான் மிச்சம். 15இல் ஒரே ஓர் ஆபத்தைத் தவறவிட்டால் 42. சாலையை நன்றாகப் பார்க்கிற ஒருவர் தோற்பதற்கு இது போதும்.

19ஆவது வினாடியில், வேனைப் பார்த்த உடனேயே அழுத்துகிறவர் வேறொரு குழியில் விழுகிறார். சாளரம் திறக்குமுன் அழுத்தியதற்கு மதிப்பெண் இல்லை, தண்டனையும் இல்லை. ஆனால் "நான் அழுத்திவிட்டேன்" என்ற நிம்மதியில் இண்டிகேட்டர் மின்னும்போது அவர் மறுபடி அழுத்துவதில்லை. ஆகவே ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றும்போது ஒன்று, அது உண்மையிலேயே நடக்கத் தொடங்கும்போது ஒன்று, வேண்டுமானால் அது வளரும்போது இன்னொன்று என்று பழகிக்கொள்வது நல்லது. இவற்றில் ஏதாவது ஒன்று சாளரத்தின் முன்பகுதியில் விழுந்துவிடும்.

இதற்கு மேல் போனால் ஆபத்து. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாலும், தாளம் போடுவது போல் ஒரே இடைவெளியில் அழுத்தினாலும் அந்தக் கிளிப்புக்குப் பூஜ்யம். ஏமாற்ற நினைக்கிறவர்களுக்கான விதி இது. ஆனால் மவுஸ் பழகாதவர்களும் அறியாமல் இதில் சிக்கக்கூடும். ஒவ்வொரு கிளிக்குக்கும் திரையின் அடியில் ஒரு சிவப்புக் கொடி வரும். கிளிக் பதிந்ததா என்ற சந்தேகத்தில் கொடியைப் பார்க்கக் கண்ணை இறக்கி, நம்பிக்கை வராமல் டக் டக் டக் என்று நாலைந்து முறை அழுத்துகிறவர் ஏமாற்றவில்லை. மென்பொருளுக்கு அது தெரியாது. இரண்டு ஆபத்து உள்ள கிளிப்பில் இப்படி நடந்தால் பத்து மதிப்பெண் போகும். விரலில் உணரும் 'டிக்'கை நம்பக் கற்றுக்கொண்டவருக்குக் கொடியைப் பார்க்கும் தேவையே இல்லை.

ஆகவே அந்த மூன்று நிமிடத்தில் கையை உதறி, வியர்வையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, முழங்கைக்கு இடம் பார்த்து, விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொள்ளுங்கள். இனி 14 கிளிப் முடியும் வரை கை அங்கிருந்து எழும்பக் கூடாது. அம்பைத் திரையின் ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு மறந்துவிடுங்கள். கிளிப்பைத் திரும்பப் பார்க்க முடியாது, ஒரு வாய்ப்புதான்.

கண்ணா கையா என்று கண்டுபிடிக்கும் வழி

தனக்குப் போவது கண்ணாலா கையாலா என்று தெரியாமல் பயிற்சி எடுப்பதில் பயனில்லை. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பயிற்சிக் கிளிப்பை ஓடவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். அவர் திரையைப் பார்க்க வேண்டாம், காதைக் கொடுத்தால் போதும். பார்க்கிறவர் ஆபத்து தெரிந்த கணத்தில் வாய்விட்டு "இந்தா" என்று சொல்ல வேண்டும், அதே சமயம் அழுத்தவும் வேண்டும். குரலும் 'டிக்' சத்தமும் ஒன்றாகக் கேட்டால் கை நன்றாக இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் பழக வேண்டியது சாலையைப் பார்ப்பது. குரல் முதலிலும் 'டிக்' பின்னாலும் கேட்டால் குறை கையில். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் இந்த இடத்தில் ஒன்றைச் சரியாகவே சொல்லுவார்கள்: "அம்மா, கையைப் பாக்காதேங்கோ, ரோட்டைப் பாருங்கோ." அந்த வரிக்குள் விஷயம் முழுக்க இருக்கிறது, ஆனால் சொன்னால் மட்டும் வராது, கைக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சிக்கு யூடியூப் போதும். காரின் முன்கண்ணாடியில் பொருத்திய கேமராவால் எடுத்த, பிரிட்டன் சாலை வீடியோ ஒன்றைக் கணினியில் முழுத்திரையில் ஓடவிடுங்கள். ஆபத்து உருவாகும் கணத்தில் மவுஸை ஒருமுறை அழுத்துங்கள். வீடியோ அப்படியே நின்றுவிடும். இப்போது நின்ற படத்தைப் பாருங்கள்: இண்டிகேட்டர் மின்னத் தொடங்கும் நிலையில் நிற்கிறதா, வேன் பாதி வெளியே வந்த நிலையில் நிற்கிறதா? விரல் எப்போது அழுத்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. இன்னொரு லாபமும் உண்டு. பதற்றத்தில் அடுத்தடுத்து இரண்டுமுறை தட்டினால் யூடியூப் முழுத்திரையிலிருந்து வெளியே வந்துவிடும். இரட்டைத் தட்டல் உங்கள் வழக்கமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒரே உட்காரலில் இரண்டு மணி நேரம் செய்வதைவிட, நாளுக்குப் பத்து நிமிடம் என்று ஒரு வாரம் செய்வது விரலுக்கு நல்லது. நின்ற படம் நாளுக்கு நாள் முன்னே நகர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

கைபேசி செயலியில் மட்டும் ஹசார்ட் பழகுகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கைபேசியில் சாலை உள்ளங்கையளவு. ஒரே பார்வையில் இரு ஓரமும் தெரியும். நிலையத்தின் திரையில் கண் இடமும் வலமும் நகர்ந்து தேட வேண்டும். இடது நடைபாதையில் ஒரு குழந்தை, வலது சந்திலிருந்து ஒரு கார் என்று இரண்டும் தூரதூரமாக இருக்கும். கேள்விகளுக்குச் செயலி நல்லதுதான். ஹசார்டை மட்டும் கடைசி வாரத்திலாவது கணினித் திரையில், மவுஸோடு பழகுங்கள். அரசின் GOV.UK தளத்தில் இலவசப் பயிற்சிப் பரீட்சை இருக்கிறது, www.gov.uk/theory-test என்ற பக்கத்திலிருந்து போகலாம். 2015 ஜனவரியிலிருந்து பரீட்சைக் கிளிப்புகள் கணினியில் வரைந்த படங்களாக வருகின்றன. சாலை சற்றே பொம்மைத்தனமாகத் தெரியும் என்பதால், உண்மையான வீடியோவில் மட்டும் பழகியவருக்கு முதல் கிளிப்பில் ஒரு தடுமாற்றம் வரும். முன்கூட்டியே இரண்டு மூன்று பார்த்திருந்தால் அது வராது.

தோற்றுவிட்டால் அடுத்த பரீட்சைக்குக் குறைந்தது மூன்று வேலைநாள் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை எதில் செலவிடுவது என்பதை முடிவுத் தாளே சொல்லும். முதல் பகுதியில் 38 என்றால் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும். முதல் பகுதியில் 48 எடுத்து இரண்டாவதில் நாற்பதைச் சுற்றி நின்றால், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அந்த "இந்தா" சோதனையைச் செய்து பாருங்கள். இரண்டாவதில் எண் மிகக் குறைந்து இருபதுகளில் இருந்தால், ஓரிரு கிளிப்பில் அளவுக்கு மீறி அழுத்திப் பூஜ்யம் வாங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படிப்பட்டவருக்கு முதல் வேலை, ஒரு கிளிப்பை முழுவதுமாக ஓடவிட்டு, மூன்று கிளிக்குக்கு மேல் போகாமல் முடிப்பது.